கடை திறக்கும் தேதியும் கிரிட்டிகல் பாத்தும்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டவை

புதுக் கடைகளுக்கு உள்வேலை செய்து கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு வேலையையும், எது நழுவினால் திறப்புத் தேதியே தள்ளிப்போகும் என்று காட்டும் கிரிட்டிகல் பாத் முறையில் போட்டுப் பார்த்த பிறகே தேதி சொல்வது என்று பழகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1950-களின் பிற்பகுதியில் ட்யூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் ரசாயன ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய முறை இது. ஒரு சின்னக் கடைக்கு இவ்வளவு கணக்கு தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. தேவை என்பதே என் கருத்து. ஆனால் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே போட்டால் கடை வேலையில் ஓர் இடத்தில் நிச்சயம் உதைக்கும். அதைச் சொல்லத்தான் இந்தப் பகிர்வு.

ஒரு சாதாரணக் கடையை எடுத்துக்கொள்வோம். அளவெடுத்து வரைபடத்தை இறுதி செய்ய 4 நாள். பழைய தடுப்புகளை இடித்து அப்புறப்படுத்த 3 நாள். இது வரைபட வேலையோடு சேர்ந்தே நடக்கும். இரண்டும் முடிந்ததும் வயரிங்கும் ஏசி குழாய்களும் 5 நாள், ஃபால்ஸ் சீலிங் 6 நாள், பெயிண்ட் 4 நாள், தரை டைல்ஸ் 5 நாள், டைல்ஸ் இறுகுவதற்கு 2 நாள். பிறகு கவுன்டரையும் ரேக்குகளையும் பொருத்த 3 நாள், சரக்கு அடுக்க 3 நாள். இன்னொரு பக்கம், வரைபடம் முடிந்த உடனே பட்டறையில் கவுன்டர், ரேக் வேலை தொடங்கும். அதற்கு 18 நாள்.

முதல் நாளிலிருந்து முன்னோக்கிக் கூட்டிக்கொண்டு போனால் வயரிங் 9-ஆம் நாள் முடிகிறது, சீலிங் 15, பெயிண்ட் 19, டைல்ஸ் 24, இறுகுவது 26, பொருத்துவது 29, சரக்கு அடுக்குவது 32. பட்டறை வேலை 22-ஆம் நாளே முடிந்துவிடுகிறது. ஆனால் 26-ஆம் நாள் முடியும் வரை கடைக்குள் ரேக்கை இறக்க முடியாது. ஆகவே பட்டறைக்கு 4 நாள் ஃப்ளோட், அதாவது திறப்புத் தேதி தள்ளாமல் அந்த வேலை தாமதமாகக்கூடிய நாள்கள். இடிப்பு வேலைக்கு 1 நாள் ஃப்ளோட். வரைபடம் தொடங்கி வயரிங், சீலிங், பெயிண்ட், தரை வழியாகச் சரக்கு வரை போகும் பாதையில் ஃப்ளோட்டே கிடையாது, அதுதான் கிரிட்டிகல் பாத். அதில் எது ஒரு நாள் நழுவினாலும் கடை ஒரு நாள் தள்ளித்தான் திறக்கும்.

இந்த முறை முதலில் தரும் பயன் இதுதான்: கவலைப்பட வேண்டிய இடத்தை மாற்றிக் காட்டுகிறது. கடைக்காரர்கள் எல்லோரும் தச்சரையே விரட்டுவார்கள். 18 நாள் என்பது பெரிய எண்ணாகக் கண்ணில் படுகிறது அல்லவா? அந்த நேரத்தில் சீலிங்குக்கு மேலே போகும் ஏசி வடிகால் குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. குழாயின் மேல்முனையில் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் கையைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. அதைத் தவிர்த்துவிட்டுப் பலகையை மூடினால், பெயிண்ட் காய்ந்த பிறகு கூரையில் மஞ்சள் கறை தெரியும். உடனே வெட்டித் திறப்பது, குழாயைச் சரிசெய்வது, பலகை, பட்டி, பெயிண்ட் என எல்லாம் மறுபடி. அத்தனையும் ஃப்ளோட் இல்லாத பாதையில்.

அடுத்தது பட்டறையின் 4 நாள். அந்த 18 நாளைப் பிரித்தால் உரிமையாளர் நிறம் தேர்ந்தெடுக்க 3, லேமினேட் வந்து சேர 5, செய்து முடிக்க 10. நான்கு நாள் ஃப்ளோட் மூவருக்கும் தனித்தனியாக இல்லை. மூவருக்கும் சேர்த்து ஒன்றுதான். உரிமையாளர் நிறத்தில் மனம் மாறி மூன்று நாள் இழுத்து, லேமினேட் ஒரு நாள் தாமதமாக வந்தால், தச்சருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. அவர் மேல் எந்தத் தவறும் இல்லாமலேயே அவர் வேலை கிரிட்டிகல் ஆகிவிடுகிறது. அதனால் பட்டறைக்கு நான் 22-ஆம் நாளைத்தான் சொல்வேன். நான்கு நாளை என் கையிலேயே வைத்துக்கொள்வேன். இது மறைப்பதாகாதா என்று ஒரு தச்சர் என்னிடமே கேட்டிருக்கிறார். மறைப்பதுதான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, உதைக்கும் இடம். விளக்குகள் மாட்ட 2 நாள். பெயிண்ட் முடிந்த 19-ஆம் நாளுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், சரக்கு அடுக்கத் தொடங்கும் முன், அதாவது 29-க்குள் முடிந்தால் போதும். காகிதத்தில் 8 நாள் ஃப்ளோட். தாராளம் என்று எலக்ட்ரீஷியனை வேறு வேலைக்கு அனுப்பிவிடத் தோன்றும். ஆனால் 19 முதல் 26 வரை தரை டைல்ஸ்காரர் கையில் இருக்கிறது. ஒட்டிய டைல்ஸ் மேல் ஏணி வைத்தால் அது அசைந்து, மட்டம் போய், ஓரம் தூக்கிக்கொள்ளும். ஏணி வைக்கத் தரை இல்லாதபோது விளக்கு எப்படி மாட்டுவது? ஆக, உண்மையில் கிடைப்பது 26 முதல் 29 வரை மட்டுமே. எட்டு நாள் ஃப்ளோட் ஒரு நாளாகச் சுருங்குகிறது. அதுவும் ரேக் பொருத்துபவர்களோடு இடம் பகிர்ந்துகொண்டால்தான்.

எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதை மட்டும்தான் இந்த முறை பார்க்கிறது. இரண்டு வேலைகள் ஒரே தரையில் நிற்க முடியாது என்பது நாம் சொல்லாமல் அதற்குத் தெரியாது. பெரிய கட்டடத்தில் வேறு தளத்துக்குப் போய்விடலாம். கடை ஒரே அறை. எனவே ஒவ்வொரு வேலைக்கும் நேராகத் தரை, சுவர், கூரை, வாசல் ஆகியவற்றில் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று எழுதி, மோதும் வேலைகளுக்கு இடையே இது முடிந்த பிறகே அது என்று நானே ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் ஃப்ளோட்டைக் கணக்கிடுகிறேன். மென்பொருளில் செய்தாலும் இந்த அம்புக்குறியைக் கையால்தான் போட வேண்டியிருக்கிறது.

நாள்களைக் குறைக்கச் சொல்லி வரும் கோரிக்கைக்கும் இதே கணக்கு பதில் சொல்கிறது. சீலிங்குக்குக் கூடுதல் ஆள் போட்டு 6 நாளை 4 ஆக்கினால் மொத்தம் 30 ஆகும், பட்டறையின் ஃப்ளோட் 2 ஆகும். பெயிண்டிலும் டைல்ஸிலும் ஒவ்வொரு நாள் குறைத்தால் மொத்தம் 28. இப்போது பட்டறைக்கும் ஃப்ளோட் இல்லை. இதற்கு மேல் சீலிங், பெயிண்ட், தரை வேலைகளில் எவ்வளவு செலவழித்தாலும் ஒரு நாள்கூடக் குறையாது. பட்டறையையும் சேர்த்துச் சுருக்க வேண்டும். டைல்ஸ் இறுகும் 2 நாளை ஆள் போட்டுக் குறைக்க முடியாது. பசையின் பையில் அச்சிட்டிருக்கும் நேரம்தான் கணக்கு. கனமான ரேக் என்றால் அதிலேயே இன்னும் கூடுதலாகக் கேட்டிருக்கலாம், அதைப் படித்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரு சின்ன லாபம் உண்டு: பசை விடுமுறை எடுப்பதில்லை. டைல்ஸ் வேலை விடுமுறைக்கு முந்தைய மாலை முடியும்படி அமைந்தால் இறுகும் நாள்கள் வேலைநாள்களைத் தின்பதில்லை.

வேலை தொடங்கிய பின் கணக்கைப் புதுப்பிக்க நான் கேட்பது ஒரே கேள்வி: இன்னும் எத்தனை நாள்? 'எண்பது சதவீதம் முடிந்தது' என்ற பதிலைக் கணக்கில் ஏற்ற வழியே இல்லை. சீலிங்காரர் முந்தாநாள் 'இரண்டு நாள்' என்றார், இன்றும் 'இரண்டு நாள்' என்கிறார் என்றால், எங்கோ பொருள் வரவில்லை அல்லது ஆள் குறைந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு நேரில் போய்விடுவேன். நான்கைந்து வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் சின்னப் பழுதுபார்ப்புக்கு இந்த முறையைத் தொடுவதில்லை. அங்கே எல்லாமே ஒரே பாதைதான், ஒரு பட்டியல் போதும்.