அளிப்பா, தேவையா: எண்ணெய்ச் சந்தை மாதிரிக்குக் குறி மட்டும் போதுமா?

எண்ணெய் விலை ஏறினால் அது உற்பத்தி குறைந்ததாலா, வாங்குவோர் கூடியதாலா என்று பிரித்துச் சொல்ல மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சோலெஸ்கி வரிசை முறை. இரண்டு, எது ஏறும், எது இறங்கும் என்று திசையை மட்டும் விதிக்கும் குறிக் கட்டுப்பாடு. மூன்று, குறிக் கட்டுப்பாட்டோடு, விலைக்கு அளிப்பும் தேவையும் எவ்வளவு அசையும் என்ற நெகிழ்ச்சி பற்றிய தகவலையும் சேர்ப்பது. என் தேர்வு மூன்றாவது. ஏன் என்பதை உற்பத்தி, விலை என்ற இரண்டே மாறிகள் கொண்ட சிறிய கணக்கு ஒன்றில் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு மாறியையும் எல்லா மாறிகளின் கடந்த மாத மதிப்புகளால் விளக்கும் வி.ஏ.ஆர். மாதிரியை மதிப்பிட்ட பிறகு கையில் இருப்பது, விளக்கப்படாமல் மீந்த எச்சங்களின் மாறுபாட்டு அணி Ω மட்டுமே. விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை: உற்பத்தி எச்சத்தின் திட்ட விலக்கம் 1.5 சதவீதம், விலை எச்சத்தின் திட்ட விலக்கம் 6 சதவீதம், இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு −0.1. அளிப்பு நெகிழ்ச்சி α, தேவை நெகிழ்ச்சி β இரண்டும் நமக்குத் தெரியாது. இரு அதிர்ச்சிகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்ற நிபந்தனையிலிருந்து ஒரே ஒரு சமன்பாடுதான் கிடைக்கிறது. தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. மூன்று முறைகளும் வேறுபடுவது இந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புகின்றன என்பதில்தான்.

சோலெஸ்கி முறை அதே மாதத்தில் அளிப்பு விலைக்கு அசையாது என்று வைத்துக்கொள்கிறது, அதாவது α = 0. லுட்ஸ் கிலியன் 2009இல் வெளியிட்ட மூன்று மாறி மாதிரி இந்த வகை. எண்ணெய்க் கிணற்றின் உற்பத்தியை ஒரே மாதத்தில் கூட்டிவிட முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நம் கணக்கில் α = 0 என்று போட்டால் β = −2.5 வருகிறது. விலை 10 சதவீதம் ஏறினால் அந்த மாதமே நுகர்வு 25 சதவீதம் விழும் என்று பொருள். பெட்ரோல் விலை ஏறினால் அந்த மாதமே வண்டியை விற்றுவிடுபவர் எத்தனை பேர்?

குறி மட்டும் வைக்கும் முறையில், தேவை அதிர்ச்சி விலையையும் உற்பத்தியையும் ஒரே பக்கம் நகர்த்தும், அளிப்பு அதிர்ச்சி எதிரெதிர்ப் பக்கம் நகர்த்தும் என்பது மட்டுமே நிபந்தனை. இதை யாரும் மறுக்க மாட்டார்கள். செயல்படுத்துவதும் எளிது. சுழற்சி அணி Q-வைத் தற்செயலாகப் பலமுறை எடுத்து, நிபந்தனைக்குப் பொருந்தும் B அணிகளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறைக்கான நிரல் இது:

```r
Omega <- matrix(c(2.25, -0.9, -0.9, 36), 2)
P  <- t(chol(Omega))
qx <- qr(matrix(rnorm(4), 2))
Q  <- qr.Q(qx) %*% diag(sign(diag(qr.R(qx))))
B  <- P %*% Q
```

B-யின் முதல் நிரை உற்பத்தி, இரண்டாவது நிரை விலை. முதல் நிரலைத் தேவை அதிர்ச்சியாகக் கொண்டால், அதில் இரண்டு உறுப்புகளும் நேர்க்குறியாக இருக்க வேண்டும். இரண்டாம் நிரலில், அதாவது அளிப்பு அதிர்ச்சியில், உற்பத்தி கூடி விலை இறங்க வேண்டும். α என்பது B[1,1]/B[2,1], β என்பது B[1,2]/B[2,2]. தேவை நகரும்போதுதான் அளிப்புக் கோட்டின் சரிவு தெரியும் என்பதால் இந்தக் குறுக்குப் பெயர்.

நான்காவது வரியில் இருக்கும் `sign` திருத்தத்தை விட்டுவிட்டால் ஒரு மாதிரிகூடத் தேறாது. R மொழியின் `qr` தரும் அணியில் முதல் நிரலின் முதல் உறுப்பு எப்போதும் எதிர்க்குறியாகவே வரும். நேர்க்குறி கேட்கும் நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. திருத்தம் இருந்தால் இந்த எண்களுக்கு நூற்றில் ஏறக்குறைய 12 தேறும். நிரல்களின் குறியை மாற்றியும் இடம் மாற்றியும் சோதித்தால் அது 94 ஆகும். தேர்வாகும் மாதிரிகளின் பரவல் இரண்டிலும் ஒன்றுதான், கணினி நேரம் மட்டுமே வேறு.

இனித்தான் சிக்கல். ஒட்டுறவு எதிர்க்குறியாக இருப்பதால் தேறிய மாதிரிகளில் α பூஜ்யத்துக்கு மேல் எதுவாகவும் இருக்கலாம். β −2.5க்கும் −0.025க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். குறி சொன்னது இவ்வளவுதான். ஆனால் ஆய்வாளர்கள் பலர் இந்த வீச்சைக் காட்டுவதில்லை, தேறியவற்றின் இடைநிலையை எடுத்து வரைபடம் போடுகிறார்கள். இந்தக் கணக்கில் α-வின் இடைநிலை 0.25. எங்கிருந்து வந்தது? சீராகச் சுழற்றி எடுத்த Q அணி α-வுக்கு ஒரு கோஷி பரவலைத் தருகிறது. அதன் மையம் −0.025, அகலம் சுமார் 0.25. நேர்க்குறிப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தால் இடைநிலை 0.25இல் வந்து நிற்கிறது. அந்த அகலம் பெரும்பாலும் 1.5ஐ 6ஆல் வகுத்த எண்தான், எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 400 மாதத் தரவுக்குப் பதில் 4,000 மாதத் தரவு கொடுத்தாலும், Ω துல்லியமாகுமே தவிர, இந்தப் பரவல் குறுகாது. எந்த முன்முடிவும் இல்லாத முறை என்று பெயர் வாங்கியது, தெரியாமலேயே ஒரு முன்முடிவைப் புகுத்துகிறது. பவ்மைஸ்டரும் ஹாமில்டனும் 2015இல் சுட்டிக்காட்டியது இதைத்தான்.

ஆகவே α பற்றி ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். கிலியனும் மர்ஃபியும் 2012இல் அதற்கு 0.0258 என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது விலை எகிறியது. மற்ற நாடுகள் அந்த மாதம் எவ்வளவு கூட்டின என்பதிலிருந்து எடுத்த எண் இது. நம் கணக்கில் தேறிய மாதிரிகளில் சுமார் 7 சதவீதம் மட்டுமே இந்த வரம்புக்குள் நிற்கின்றன. அவற்றில் β −2.5க்கும் −1.24க்கும் இடையே மாட்டிக்கொள்கிறது. சோலெஸ்கியில் வந்த அதே கோளாறு, கொஞ்சம் மென்மையாக.

வரம்பை 0.1 வரை தளர்த்திப் பாருங்கள், β-வின் எல்லை −0.52 வரை வந்துவிடுகிறது. α = 0.15 என்றால் β = −0.38. அளிப்பு நெகிழ்ச்சியில் 0.1 அளவுக்கு நகர்ந்தாலே தேவை நெகிழ்ச்சி மும்மடங்கு மாறுகிறது. ஒரே சமன்பாட்டின் இரு முனைகள் என்பதால் ஒன்றை இறுக்கினால் மற்றது பிதுங்கும். ஒரு மாதத்து நிகழ்வை வைத்துக் கடுமையான சுவர் எழுப்புவது எனக்கு உவப்பாக இல்லாததற்குக் காரணம் இதுவே.

அதனால் இரு நெகிழ்ச்சிகளுக்கும், தரவைப் பார்க்கும் முன் நாம் நம்புவதைச் சொல்லும் மென்மையான முன்பரவல் கொடுப்பதே நான் சாய்கிற வழி. பவ்மைஸ்டர், ஹாமில்டன் 2019 மாதிரியில் α-வுக்கு 0.1ஐ முகடாகவும் 0.2ஐ அகலமாகவும் கொண்ட, 3 கட்டின்மைப் படிகள் உள்ள ஸ்டூடண்ட் t பரவல், நேர்க்குறிப் பக்கம் மட்டும். β-வுக்கு அதே பரவல், முகடு −0.1, எதிர்க்குறிப் பக்கம் மட்டும். குறிக் கட்டுப்பாடு இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 0.02ஐயும் 0.4ஐயும் அது ஒதுக்கவில்லை, நம்புவதற்குக் கூடுதல் விலை கேட்கிறது, அவ்வளவே. வேறொருவருக்கு உடன்பாடில்லை என்றால் எந்த எண்ணில் என்று சுட்டிக்காட்ட முடியும். Q-வைச் சீராகச் சுழற்றும் முறையில் அப்படிச் சுட்ட எண்ணே இல்லை.

இதற்கும் விலை உண்டு. நேரடிச் சுழற்சி போதாது, மெட்ரோபோலிஸ் போன்ற மாதிரியெடுப்பு வேண்டும், சங்கிலி ஒருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முடிவைக் காட்டும்போது α-வின் முன்பரவலையும் பின்பரவலையும் ஒரே படத்தில் போடுவதை நான் கட்டாயம் என்பேன். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் தரவு அங்கே பேசவில்லை என்று பொருள். குறிப்பிட்ட மாதங்களின் அதிர்ச்சிக்கும் குறி விதிக்கும் நிகழ்வுவழிக் கட்டுப்பாடு இதோடு நன்றாகச் சேரும் என்று நினைக்கிறேன், 1990 ஆகஸ்ட் அதற்குப் பொருத்தமான மாதம். ஆனால் ஆறேழு மாறிகள் உள்ள மாதிரிகளில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியாகப் பேசும் அளவுக்கு எனக்குப் பழக்கம் போதாது.

இந்த 0.1 மாதாந்திரத் தரவுக்கான எண். காலாண்டுத் தரவுக்கு மாறுபவர்கள் அப்படியே தூக்கிப் போடக் கூடாது, மூன்று மாதத்தில் உற்பத்தியாளருக்கும் நுகர்வோருக்கும் அசைய அதிக இடம் இருக்கிறது.