ஓ.பி. கணக்கு: அன்றாடம் முடிப்பதா, மாதக் கடைசியில் எண்ணுவதா?

மாதக் கடைசியில் மருத்துவமனையின் ஓ.பி. பதிவேட்டைப் புரட்டி எண்ணினால் தினமும் வேலை மிச்சம்தான். ஆனால் கூட்டல் இடித்தால் எந்த நாளில் பிசகியது என்று தெரியாது.

அன்றாடம் துறைவாரியாக, வயதுவாரியாகக் கோடு போட்டு மாலையில் முடிப்பதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். சீட்டுக் கவுண்டரில் 209, துறைகளின் கூட்டுத்தொகை 214 என்று வைத்துக்கொள்வோம். பொது மருத்துவத்திலிருந்து கண் பிரிவுக்கு அனுப்பப்பட்ட ஐந்து பேர் இரண்டு இடத்திலும் ஏறியிருப்பார்கள். அன்றைக்கே சீட்டைப் பார்த்தால் பிடிபடும். மாத அறிக்கையில் அந்த நாளுக்கு நோயாளி 209, துறை வருகை 214 எனத் தனித்தனியே காட்டலாம்.

வயதில்தான் பெரிய வம்பு. ‘8 மா’ என்று எழுதிய கைக்குழந்தை, மாதக் கடைசியில் எண்ணுபவர் கண்ணுக்கு எட்டு வயதாகிவிடும்; ஒரு வயதுக்குட்பட்டோர் கட்டம் காலியாகும். குழந்தைகள் பிரிவு நடந்த நாளில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நாளுக்கு முப்பது பேர், ஒரே மருத்துவர் என்றால் மாதக் கடைசி எண்ணிக்கையே போதும்.