மைதானப் படத்தில் ஊர் தேடுவது: கோல்போஸ்ட்டும் சுண்ணாம்புக் கோடும், நீண்ட நாள் அனுபவம்

சேலத்து நண்பர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பி, "இது ஏற்காடுதானுங்களே? கோல்போஸ்ட்ட வெச்சுச் சொல்லிருவீங்கன்னாங்க" என்று கேட்டார். படத்தில் இருப்பவை: செம்மண் மைதானம், வலையில்லாத இரும்பு கோல்போஸ்ட், முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு களம், அதன் நடுவில் எதிரெதிராக இரண்டு கம்பங்கள். பின்னால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் வரிசை, அதற்கும் பின்னால் மலை முகடு. இந்த வழியை வெகுநாளாகப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில், அவருக்கான பதிலை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என் தீராத எரிச்சல். நம் ஊர்ப் படங்களில் கால்பந்து கோல்போஸ்ட் எதையும் சொல்லாது. அயர்லாந்தில் கதை வேறு. H வடிவக் கம்பத்தின் கீழ்ப்பாதியில் வலை தொங்கினால் அது கேலிக் கால்பந்து என்கிற ஐரிஷ் ஆட்டம், பெரும்பாலும் அந்த நாடுதான். வலையில்லாத H என்றால் ரக்பி. குறுக்குக் கம்பியே இல்லாமல் நான்கு கம்பங்கள் வரிசையாக நின்றால் ஆஸ்திரேலியா. கால்பந்து கோல் மட்டும் உலகம் முழுக்க ஒரே அளவு: 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதை அளவுகோலாக வைத்து மற்றதை அளக்கலாமே என்றால், பள்ளி மைதானத்து கோலை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் கையில் இருக்கும் பைப்புக்கு ஏற்றபடி அடித்துவிடுகிறார்கள். அகலம் உயரத்தைப்போல மூன்று மடங்கு இருக்கிறதா என்று நேர் எதிரிலிருந்து எடுத்த படத்தில் மட்டும்தான் பார்க்க முடியும். பக்கவாட்டில் எடுத்தால் அகலம் சுருங்கிவிடும்.

சறுக்குமரமும் ஊஞ்சலும் இதே ரகம்தான். அவற்றின் அடியில் ரப்பர் விரிப்போ மரச்சீவலோ கிடந்தால் ஐரோப்பா பக்கம் யோசிக்கலாம். வெறும் மண் என்றால் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

எதிர்பாராமல் கைகொடுப்பது சுண்ணாம்புக் கோடுதான். நண்பரின் படத்தில் இருக்கும் களம் வாலிபாலா, பால் பேட்மிண்டன் என்கிற பூப்பந்தா? வாலிபால் 18க்கு 9 மீட்டர், பூப்பந்து 24க்கு 12 மீட்டர். இரண்டிலுமே நீளம் அகலத்தின் இரு மடங்கு. அதனால் வெளிக்கோடுகளைப் பார்த்துச் சொல்ல முடியாது, உள்கோடுகளைப் பார்க்க வேண்டும். வாலிபாலில் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஒரு குறுக்குக் கோடு வரும். நீளவாக்கில் உள்ளே கோடே கிடையாது. பூப்பந்தில் வலையை ஒட்டி ஒரு மீட்டரில் குறுக்குக் கோடு, அங்கிருந்து கடைசிக் கோடு வரை களத்தை வலம் இடமாகப் பிரிக்கும் நீளக் கோடு. இறகுப்பந்திலும் நீளக் கோடு உண்டு, ஆனால் அங்கே பக்கக் கோடு இரட்டையாக இருக்கும், களத்தின் நீளமும் அகலமும் ஏறக்குறைய பாதிதான். நண்பரின் படத்தில் பக்கக் கோடு ஒற்றை, நீளக் கோடு தெளிவு. ஆகவே பூப்பந்து.

கம்பத்தின் உயரத்தை வைத்து இதைச் சரிபார்க்கப் போனால் மலைப்பகுதியில் ஒரு சிக்கல் வரும். கண் மட்டத்தில், ஏறக்குறைய 1.5 மீட்டரில் பிடித்த போனில், சமதரையில் நிற்கும் எந்தக் கம்பத்தையும் தொடுவானம் அதே 1.5 மீட்டரில்தான் வெட்டும். பூப்பந்துக் கம்பம் என்றால் உச்சிக்குச் சற்றுக் கீழே வெட்டும், வாலிபால் கம்பம் என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே. சேர்வராயன் மலையில் பலரும் முகட்டைத் தொடுவானமாக எடுத்துக்கொள்கிறார்கள். முகடு உண்மையான தொடுவானத்தைவிட மேலே இருப்பதால், கம்பம் இருப்பதைவிடக் குட்டையாகக் கணக்கு வரும். களத்தின் இரண்டு பக்கக் கோடுகளையும் ஸ்கேல் வைத்து நீட்டுங்கள். அவை சந்திக்கும் புள்ளி வழியாகப் படுக்கையாக ஒரு கோடு இழுத்தால் அதுதான் தொடுவானம். மைதானமே சரிவு என்றால் இதையும் நம்பக்கூடாது.

அப்படி நீட்டிப் பார்த்தால் நண்பரின் படத்துக் கம்பம் 2.5 மீட்டர் வருகிறது, அதாவது வாலிபால் கம்பம். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. ஒரே கம்பத்தில் வலையைத் தாழ்த்திக் கட்டிப் பூப்பந்து ஆடும் பள்ளிகள் உண்டு. கம்பம் நிரந்தரம், கோடு அந்த வாரத்து ஆட்டத்துக்குப் போட்டது. ஒரு நல்ல மழைக்கு நிற்காத அந்தக் கோட்டைத்தான் நான் நம்புவேன்.

பூப்பந்து தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம், இன்றும் பெரும்பாலும் தென்னிந்தியாவில்தான் ஆடுகிறார்கள். சில்வர் ஓக்கும் மிளகும் சேர்ந்தால் காப்பி மலை. இந்த இடம் வரை வந்தது முழுக்கக் கோட்டின் புண்ணியம். ஆனாலும் ஊர் தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். ஏற்காடும் குடகும் இந்தப் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். நண்பரே, மைதானத்தின் மறுபக்கப் படம், ஒரு பெயர்ப்பலகையோ பஸ்ஸோ தெரிகிற மாதிரி இருந்தால் அனுப்புங்கள். கன்னட எழுத்தா தமிழ் எழுத்தா என்பது அதில் தெரிந்துவிடும்.