கீமோ நாட்களில் அத்தைக்கு வாங்கியவை: தயிர், சந்தகை, இளநீர்

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். கோயம்புத்தூரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. அது முடிகிற வரைக்கும் சாப்பிட வாங்கிக்கொடுக்கும் வேலை என்னுடையதாக இருந்தது.

முதலில் பிடிக்காமல் போனது சூடான சாப்பாடு. கொள்ளு ரசம் கொதிக்கும் வாசம் வந்தாலே எந்திரிச்சுத் திண்ணைக்குப் போயிருவாங்க. "வேண்டாங் கண்ணு, வாயில இரும்ப வெச்ச மாதிரி இருக்குது" என்பார். ஆறிய பண்டத்தில் ஆவி எழாது, வாசமும் குறைவு. அதனால் அது கொஞ்சமாவது உள்ளே போனது.

வாங்கியதில் நன்றாகப் பயன்பட்டது 200 கிராம் கப் தயிர். பெரிய பாக்கெட்டைப் பிரித்தால் மறுநாளே புளிக்கும், அந்த வாசமே ஆகாது. ஒரு கப் என்றால் ஒரு வேளையோடு தீர்ந்துவிடும். காலையில் வீட்டில் பிழிந்த சந்தகையை ஆறவைத்து, மூடி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பேன். ஒரு கைப்பிடி சந்தகைக்கு ஒரு கப் தயிர், உப்பு, தோல் சீவித் துருவிய வெள்ளரி. தாளிப்பு கிடையாது, எண்ணெய் காயும் வாசம் போதும் அவர் தட்டைத் தள்ளிவைக்க. சத்துக் குறையாமலிருக்க இரண்டு ஸ்பூன் பால் பவுடரைத் தயிரில் கலக்கச் சொன்னார் உணவு ஆலோசகர். ருசி மாறியதே தெரியவில்லை. எவர்சில்வர் தட்டை எடுத்துவைத்துவிட்டுப் பீங்கான் கிண்ணமும் மரக்கரண்டியும் கொடுத்த பிறகு இரும்பு ருசியும் கொஞ்சம் அடங்கியது.

பாட்டில் பாதாம் பால் திகட்டியது. பாக்கெட் மசாலா மோரில் இஞ்சியும் பச்சை மிளகாயும் இருக்கும், வாய்ப்புண் வந்த நாட்களில் அது எரிச்சல்தான். எலுமிச்சையும் அப்படியே: புண் இல்லாதவரை வாய்க்கசப்புக்கு அதைவிட நல்லது இல்லை, புண் வந்துவிட்டால் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. அப்போது வெனிலா ஐஸ்கிரீம் சின்னக் கப்தான் கைகொடுத்தது.

ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் இரண்டாம் வாரம் வாங்குவதில் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்து கிருமி எளிதில் தொற்றும் சமயம் அது. கடையில் வெட்டி வைத்த தர்பூசணி வேண்டாம். முழுசாக வாங்கி, தோலைக் கழுவி, வீட்டில் வெட்டி உடனே கொடுத்தேன். பொள்ளாச்சி இளநீரும் காயாகவே வாங்கி வந்து, கழுவிச் சீவி, அப்போதே குடிக்கக் கொடுப்பேன்.

ஆனால் குளிர்ச்சி எல்லோருக்கும் ஒத்துவராது. பக்கத்துக் கட்டில் அக்காவுக்குக் குடல் புற்றுநோய், ஆக்சாலிபிளாட்டின் ஏற்றினார்கள். அந்த மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தொண்டை இறுகும், விரல் மரத்துப்போகும். அவருக்கு அதே தயிர் சந்தகையை ஃபிரிட்ஜில் வைக்காமல் கொடுத்தார்கள். ஐஸ்கிரீம் வாங்கக் கிளம்பும் முன் எந்த மருந்து ஏறுகிறது என்று நர்சிடம் கேட்டுக்கொள்ளுங்க.