பகல் விழாவுக்குத் தகரமா, கீற்றா, பச்சை வலையா?

போன கோடையில் எங்கள் வீட்டு விழாவைத் திறந்தவெளியில், காலை 9 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடித்தோம். வந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். பந்தலுக்குத் தகர ஷீட், தென்னங்கீற்று, பச்சை நிழல்வலை என்று மூன்று வழிகள் இருந்தன. நான் கீற்றைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

தகரம் மழைக்கும் தாங்கும், சீக்கிரம் போட்டு முடிக்கலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெயில்காலப் பகல் விழாவுக்குப் பந்தல் போடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது கூரையின் அடிப்பக்கம் எவ்வளவு காயும் என்பதைத்தான். இது எனக்கு அதற்கு முந்தைய கோடையில், உறவினர் வீட்டு விழா ஒன்றில் புரிந்தது. தகரப் பந்தலுக்குள் தொங்கிய வெப்பமானிக்கும் பக்கத்து மர நிழலுக்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். ஆனாலும் 11 மணிக்கு மேல் ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் ஒரு ஸ்டூலில் ஏறி, உள்ளங்கையைத் தகரத்துக்கு ஒரு சாண் கீழே பிடித்துப் பார்த்தேன். காய்ந்த வாணலிக்கு மேல் கையை நீட்டியதுபோல் இருந்தது.

வெறும் தகரம் உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிக் காயும். நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. அதனால் கூரை தலைமேல் அனலை வீசிக்கொண்டே இருக்கும். வெப்பமானி பெரும்பாலும் காற்றின் சூட்டைத்தான் சொல்கிறது, இந்த அனலை முழுதாகக் காட்டுவதில்லை. மின்விசிறியாலும் இதைத் தடுக்க முடியாது. காற்றே 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் விசிறி உடம்பை இன்னும் சூடாக்கும்.

கீற்றில் அடுக்குக்கு அடுக்கு காற்று தங்கியிருப்பதால் மேல்பக்கத்துச் சூடு கீழே இறங்க நேரமாகும். உள்ளே சேரும் வெப்பக்காற்றும் இடுக்குகள் வழியே மேலே போய்விடும். எங்கள் பந்தலில் 11 மணிக்கு அதே சோதனையைச் செய்தேன், கையில் அனலே படவில்லை. வெளிச்சப் புள்ளிகள் தரையில் விழாத அளவுக்கு நெருக்கமாக வேயச் சொல்லியிருந்தேன், உயரம் 12 அடி. ஒரு தவறும் நடந்தது. அலங்காரத்துக்காக நான்கு பக்கமும் துணி கட்டியதில் 10 மணிக்கே உள்ளே புழுங்க ஆரம்பித்தது. எதிரெதிரான இரண்டு பக்கத் துணிகளைச் சுருட்டிக் கட்டிய பிறகுதான் காற்று ஓடியது.

கீற்றின் பெரிய குறை நெருப்பு. அடுப்பு, பட்டாசு எதுவும் பக்கத்தில் கூடாது, மின்கம்பி இணைப்பு ஓலையைத் தொடக்கூடாது. சமையலைத் தனிக் கூரைக்கு மாற்றிவிட்டோம். கீற்றுக்கு அனுமதியில்லாத இடத்தில் தகரத்துக்கு ஓரடி கீழே வெள்ளைத் துணியை விதானமாகக் கட்டி, இடைவெளியின் ஓரங்களைத் திறந்து விடலாம். அனலைத் துணி வாங்கிக்கொள்ளும், நடுவில் சேரும் சூடு பக்கவாட்டில் வெளியேறும். இதை ஒரே ஒரு விழாவில்தான் பார்த்திருக்கிறேன், அங்கே நன்றாகவே இருந்தது.

பச்சை வலையை நாங்கள் வண்டி நிறுத்துமிடத்துக்கு மட்டும் போட்டோம். காற்று தாராளமாக வரும், ஆனால் 75 சதவீத வலை என்றால் கால்வாசி வெயில் உள்ளே விழும். நடந்து போகிறவர்களுக்குப் போதும். இரண்டு மணி நேரம் உட்கார வைத்ததில்லை, வைக்கவும் துணிய மாட்டேன்.

மாலை விழா என்றால் நான் தகரத்துக்கே சரி என்பேன். சூடேறிய வேகத்திலேயே ஆறியும் விடும். ஆனால் 4 மணிக்கே தொடங்கக்கூடாது. பகலின் உச்ச வெப்பம் நண்பகலில் வருவதில்லை, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் வரும். சரிந்த வெயில் மேற்குப் பக்கமாகப் பந்தலுக்குள்ளேயே புகுந்துவிடும். பொழுது சாயும் வேளையில் தொடங்கினால் தொல்லையில்லை.

தண்ணீருக்கு ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைத்தேன். 200 பேருக்கு இரண்டு மணி நேரத்துக்கு 200 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பத்து. சீக்கிரம் வருகிறவர்களையும் வேலையாட்களையும் நினைத்து மூன்று கேன் கூட வைத்தோம், ஒன்றுதான் மிஞ்சியது. ஆனால் இடறியது அளவில் இல்லை, குழாயில். எல்லாக் கேனும் ஒரே மேசையில் இருந்ததால் நிகழ்ச்சி முடிந்ததும் வரிசை வெயிலுக்குள் நீண்டது. வயதானவர்கள் வரிசையைப் பார்த்துவிட்டுக் குடிக்காமலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவசரமாகக் கேன்களைப் பிரித்துப் பந்தலின் நான்கு மூலைக்கும் கொண்டுபோனோம். இரண்டு பிள்ளைகள் தட்டில் தம்ளர் வைத்து வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டே போனார்கள். தாகமில்லை என்று சொன்னவர்களும் கைக்கு வந்ததும் வாங்கிக் குடித்தார்கள்.