வாழைமர நோட்டு: கேட்கிற விலையா, விற்ற விலையா?

பாட்டி போன பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். சேலைகளுக்கு அடியில், பழைய நாளிதழில் மடித்து வைத்த வாழைமர நோட்டுகள் பன்னிரண்டு இருந்தன. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட பத்து டாலர். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் இந்த நோட்டு வெறும் காகிதமாகிவிட்டது. எறிய மனமில்லாமல் எடுத்து வைத்தவர்கள் நிறைய.

மாமா கைப்பேசியை நீட்டினார். உள்ளூர் விளம்பரத் தளம் ஒன்றில் இதே நோட்டு ஒன்றுக்கு 800 மலேசிய வெள்ளி கேட்டிருந்தார்கள். "பன்னிரண்டு இருக்குடா, புது மோட்டாரே வாங்கலாம்" என்றார்.

கேட்கிற விலையை நம்புவதற்கு ஒரே காரணம், அது சுலபமாகக் கிடைக்கிறது. அதன் கோளாறும் அங்கேயேதான் இருக்கிறது. பத்து வெள்ளிக்குப் போட்டவர் சில நாளில் விற்றுவிட்டு விளம்பரத்தை எடுத்துவிடுவார். 800 கேட்டவருடையது யாரும் வாங்காமல் அங்கேயே கிடக்கும். ஆக, நாம் தேடும் நாளில் கண்ணில் படுவதில் பெரும்பாலானவை விற்காமல் தேங்கியவை. அதைப் பார்த்து மாமா மாதிரி இன்னொருவர் 850 போடுவார். ஒருவரும் காசு கொடுக்காமலே விலை ஏறிக்கொண்டு போகும். ஒரே ஒரு பயன் உண்டு: பலர் 15 வெள்ளிக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே நோட்டை நாம் 30-க்கு விற்க முடியாது என்று அது சொல்லிவிடும்.

நான் சாய்ந்தது விற்ற விலைப் பக்கம். இபேயில் தேடிவிட்டு வடிகட்டியில் Sold Items என்பதைத் தட்டினால், ஏறக்குறைய கடைசி 90 நாளில் விற்றவை மட்டும் வரும். ஆனால் வந்ததை அப்படியே கூட்டி வகுத்தால் அதுவும் ஏமாற்றும். இந்த நோட்டில் கவனிக்க வேண்டியது எண். 1942-இல் முதலில் வந்தவற்றில் M-இல் தொடங்கும் எழுத்துகளோடு வரிசை எண்ணும் இருக்கும். பிறகு அச்சடித்துத் தள்ளியவற்றில் எழுத்துகள் மட்டும்தான். எங்களுடையது பன்னிரண்டும் MP, எண் கிடையாது. அதாவது எங்கும் கிடைக்கிற வகை.

எனக்கு வந்தது 23 விற்பனை. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, வரிசை எண் உள்ள ஐந்தைத் தள்ளினேன். தரம் பார்க்கும் நிறுவனம் பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுத்த நான்கையும் தள்ளினேன். அங்கே அந்தத் தரச் சான்றுக்கும் சேர்த்துத்தான் காசு. கட்டாக விற்ற ஆறு போயிற்று. இன்னும் இரண்டில் விலையின் மேல் கோடு போட்டு Best offer accepted என்றிருந்தது. வாங்கியவர் பேரம் பேசிக் குறைத்திருக்கிறார், எவ்வளவுக்கு என்று அந்தப் பட்டியலில் தெரியாது. அவையும் வெளியே.

மிச்சம் ஆறு. தபால் செலவைச் சேர்த்துக் கணக்கிட்டேன், ஏனென்றால் சிலர் நோட்டுக்கு நான்கு வெள்ளி போட்டுத் தபாலுக்குப் பத்து வாங்குகிறார்கள். வெள்ளிக் கணக்கில் 9, 11, 12, 14, 15, கடைசியாக ஒரு 38. அந்த 38-ஐப் பார்த்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்: மடிப்பே இல்லாத, முனை கூர்மையான நோட்டு. பாட்டி நான்காக மடித்திருக்கிறார், மடிப்போரம் பழுப்பேறி, இரண்டில் பூச்சி அரித்த ஓட்டை. ஆக எங்களுக்குப் பொருந்துவது 12 வெள்ளி சுற்றுவட்டம். அதுவும் வாங்குகிறவர் கையிலிருந்து போகிற காசு. தபாலும் தளத்தின் கட்டணமும் போனால் நமக்கு வருவது இன்னும் குறைவு.

கரோசல் என்ற விற்பனைத் தளத்தில் Sold என்று போட்டிருப்பதையும் பார்த்தேன். அங்கே நிற்பது விற்றவர் முதலில் போட்ட விலை. பேசி முடித்த தொகை அதுவாக இருக்க வேண்டியதில்லை, அதனால் பாதி நம்பிக்கைதான் வைத்தேன்.

வரிசை எண் உள்ள நோட்டு வைத்திருப்பவர்களுக்கு என் கணக்கு உதவாது. அதை நான் விற்றதில்லை. மூன்று மாதத்தில் நாலைந்து மட்டும் விற்கிற பொருளுக்கு இந்த வழியில் விலை கட்டுவதும் ஆபத்து. பழைய நாணய ஏல நிறுவனங்களின் முடிவுகளில் சில வருடம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியில் ஈப்போவில் பழைய காசு வாங்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். ஓட்டை விழுந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு, மற்ற பத்துக்கு 70 வெள்ளி கொடுத்தார். அவரும் லாபம் வைத்து விற்க வேண்டுமே, வாங்கிக்கொண்டேன். பூச்சி அரித்த இரண்டும் திரும்பவும் பாட்டியின் பெட்டிக்குப் போய்விட்டன.