வேற்றினப் பின்னக் கூட்டல்: மூன்று தாளா, ஒரே தாளா?

ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களின் கூட்டல் வந்ததும் வகுப்பு மூன்றாகப் பிரிந்துவிடும். சிலர் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 1/2 + 1/4 = 2/6 என்று எழுதுவார்கள். பலருக்கு முறை தெரியும், மீ.சி.ம. காண்பதில் தடுமாறுவார்கள். நாலைந்து பேர் சட்டென்று முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைச் சீண்டத் தொடங்குவார்கள். மூன்று நிலைகளில் கணக்கு கொடுக்க வேண்டும் என்பதில் சிக்கலில்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு கட்சி. நிலைக்கொரு தனித்தாள், எல்லா நிலைகளும் அடங்கிய ஒரே தாள், எல்லோருக்கும் ஒரே கணக்கு கொடுத்துத் தேவைப்படுவோருக்கு மட்டும் குறிப்பட்டை. நான் ஒரே தாள் கட்சி.

தனித்தாளின் வசதிகள் தெரிந்தவைதான்: தாள் சுருக்கமாக இருக்கும், கடினமான கணக்கைப் பார்த்து யாரும் மிரள மாட்டார்கள். மூன்று கட்டுகளைப் பிரித்து வைப்பதும், விடுப்பில் இருந்தவருக்கு எந்தத் தாள் என்று தேடுவதும் எரிச்சல்தான், ஆனால் சமாளித்துவிடலாம். என் எதிர்ப்புக்குக் காரணம் வேறு. முதல் நிலைத் தாளிலேயே அடைபட்ட குழந்தை, அந்தத் தாளில் மட்டும் செல்லுபடியாகும் ஒரு விதியைத் தானாகவே உருவாக்கிக்கொள்கிறது.

முதல் நிலையில் பொதுவாக 1/2 + 1/4, 2/3 + 1/6, 3/5 + 1/10 போன்ற கணக்குகளைத்தான் வைப்போம். ஒரு பகுதி மற்றதன் மடங்காக இருப்பதால் ஒரு பின்னத்தை மட்டும் மாற்றினால் போதும். இப்படிப் பத்துக் கணக்குகளைச் சரியாகப் போட்ட குழந்தையின் மனத்தில் பதிவது மீ.சி.ம. அல்ல, ‘பெரிய பகுதியை எடுத்துக்கொள்’ என்பதுதான். பத்துக்குப் பத்து மதிப்பெண்ணும் வந்துவிடும், தாளைப் பார்த்து நமக்கு ஒன்றும் தெரியாது. அதே குழந்தையிடம் 2/3 + 1/4 கொடுத்தால் பெரிய பகுதியான 4ஐ எடுத்து, தொகுதிகளை அப்படியே கூட்டி 3/4 என்று எழுதுகிறது.

ஒரே தாளில் இதைத் தடுக்க வழி இருக்கிறது: ஒவ்வொரு நிலையின் கடைசிக் கணக்கும் அடுத்த நிலையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். என் தாளில் 15 கணக்குகள். முதல் நான்கும் மேலே சொன்ன வகை. ஐந்தாவது 1/2 + 1/3. பெரிய பகுதி விதி இங்கே உடைந்துவிடும், ஏனென்றால் 1/2ஐ 3ஐப் பகுதியாக வைத்து முழு எண் தொகுதியோடு எழுத முடியாது. ஆறு முதல் ஒன்பது வரை 2/3 + 1/4, 2/5 + 1/3 போன்றவை. பகுதிகளைப் பெருக்கினாலே மீ.சி.ம. கிடைத்துவிடும். பத்தாவது 5/6 + 3/8. பெருக்கியவருக்கு 58/48, மீ.சி.ம. 24 கண்டவருக்கு 29/24. இரண்டும் ஒன்றுதான், ஆனால் சுருக்கும் வேலை யாருக்கு மிச்சம் என்று பார்த்ததும் தெரிகிறது. பெருக்குவதைத் தவறு என்று அடிக்கக் கூடாது. 11இல் 5/12 + 7/18 வரும்போது 216ஐ வைத்துக்கொண்டு மல்லாடியவர் தாமாகவே 36க்கு வந்துவிடுவார். 15ஆவது கணக்கு, கூடுதல் 5/6 வருமாறு வேற்றினப் பின்னச் சோடிகளைக் காண்பது. 1/2 + 1/3 என்று ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்த விடாமல் 3/4 + 1/12 வரை தேட வைக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பது மாணவர் விருப்பம். ஆனால் 5ஆம் 10ஆம் கணக்குகளை எல்லோரும் போட்டாக வேண்டும். கரும்பலகையில் விளக்குவதும் அந்த இரண்டைத்தான். தனித்தாளில் எந்தக் கணக்கைப் பலகையில் எழுதினாலும் மற்ற இரு குழுக்களும் வேடிக்கைதான் பார்க்கும். எனக்கும் 40 நோட்டுகளில் இந்த இரண்டு விடைகளைப் பார்த்தாலே யார் எங்கே நிற்கிறார் என்று பிடிபட்டுவிடுகிறது.

தனித்தாளில் இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழக அரசின் தொடக்கப் பள்ளித் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளில் படித்து வந்த பிள்ளைகளுக்குத் தாளின் நிறத்தைப் பார்த்தே தங்கள் இடம் தெரிந்துவிடுகிறது. பெயரை மாற்றி ஏமாற்ற முடியாது.

ஒரே தாளிலும் ஓட்டை இருக்கிறது. விருப்பத்துக்கு விட்டால் நன்றாகப் போடக்கூடிய சிலர் சுகமாக ஒன்றாம் கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களை மட்டும் பெயர் சொல்லி ஐந்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். பகுதி, தொகுதி எது என்றே தெரியாத குழந்தைக்கு இந்தத் தாள் உதவாது. அதற்குத் தாளை மடித்துக் காட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

குறிப்பட்டையைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. சிறிய பிரிவு ஒன்றில் மட்டும் முயன்றிருக்கிறேன். ‘4, 6 இரண்டின் மடங்குகளையும் எழுதிப் பார்’ என்ற அட்டை நன்றாகவே வேலை செய்தது. 40 பேர் உள்ள வகுப்பில் அட்டை கேட்டு எழுந்து வருபவர்களின் வரிசையை எப்படிச் சமாளிப்பார்கள் என்பதை, அதைத் தொடர்ந்து செய்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.